வாரண்டிப் பதிவுப் பக்கம்: பில் அப்பா பெயரில், மெஷின் மகள் வீட்டில்

ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் விற்கும் கடைக்கு வாரண்டிப் பதிவும் சர்வீஸ் புகாரும் சேர்ந்த பக்கம் அமைக்கும்போது, பலர் முதலில் செய்யும் தவறு கடைக்கே தெரிந்ததை வாடிக்கையாளரிடம் திரும்பக் கேட்பது. பெயர், முகவரி, மாடல், பில் நம்பர், வாங்கிய தேதி, பில்லின் படம் என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டு வைப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை பில் போட்ட அன்றே கடையின் கணினியில் ஏறிவிட்டன. பில்லோடு சீரியல் நம்பரையும் ஏற்றும் கடை என்றால் அதையும் கேட்க வேண்டியதில்லை. மொபைல் எண்ணை வாங்கி, ஓடிபி அனுப்பி, அந்த எண்ணில் உள்ள பில்களைக் காட்டினால் போதும். ஓடிபியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் எண்ணைத் தட்டினாலே பில் தெரியும் என்றால் யார் வேண்டுமானாலும் அடுத்தவர் முகவரியைப் பார்த்துவிடலாம்.

இதை இப்படியே செய்துவிட்டு நானும் ஒரு தப்பு விட்டேன். மதுரையில் ஒரு கடை. மகள் கல்யாணத்துக்குச் சீர் கொடுக்க அப்பா அங்கே வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார். பில் அவர் பெயரில், அவர் எண்ணில். மெஷின் திருப்பூரில் மகள் வீட்டில் ஓடுகிறது. எட்டு மாதம் கழித்துத் தண்ணீர் வெளியேறாமல் நின்றதும் அந்தப் பெண் தன் எண்ணைப் போட்டிருக்கிறார். ‘இந்த எண்ணில் பில் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் பக்கம் அங்கேயே நின்றுவிட்டது. துவைக்காத துணி மெஷினுக்குள்ளே ஊற, மேலே போக வழியில்லாமல் அவர் அப்பாவை அழைத்து, அப்பா கடைக்கு நேரில் நடந்தார்.

சீர் வாங்க வருபவர்களை நம்பி இருக்கும் கடையில் இது அடிக்கடி வரும் நிலைமை. அதனால் பில் யார் பெயரில் என்பதையும், பொருள் இப்போது எங்கே இருக்கிறது, டெக்னீஷியன் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் தனித்தனியாக வைக்க வேண்டும். எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் புகார் போக வேண்டும் என்பதைப் பில்லில் உள்ள முகவரியை வைத்து முடிவு செய்யக் கூடாது. மெஷின் இருக்கும் இடத்தின் பின்கோடுதான் கணக்கு. பில் கிடைக்காவிட்டாலும், வாரண்டியைப் பதிவே செய்யாமல் இருந்தாலும், புகாரை வாங்கிக்கொள்ளுங்கள். பில்லைத் தேடிப் பொருத்துவது கடை ஊழியரின் வேலை.

சீரியல் நம்பரைக் கேட்டே ஆக வேண்டிய இடத்தில், அது எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுங்கள். முன்பக்கம் திறக்கும் மெஷினில் பெரும்பாலும் கதவைத் திறந்தால் விளிம்பில் ஸ்டிக்கர் இருக்கும். மேலே திறக்கும் மெஷினில் அது பின்புறம், சுவரைப் பார்த்தபடி இருக்கலாம். ஸ்ப்ளிட் ஏசிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு எண்கள் உண்டு. ஒரே கட்டம் வைத்தால் எதைப் போடுவது என்று தெரியாமல் திகைப்பார்கள். அந்தக் கட்டத்தை `type="number"` என்று வைப்பதும் தவறு. எழுத்து கலந்த எண்ணை அது ஏற்காது, முன்னால் உள்ள பூஜ்ஜியத்தையும் நம்ப முடியாது. இது போதும்:

```html
<input type="text" name="serial"
  autocapitalize="characters"
  autocomplete="off" spellcheck="false">
```

ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பவும் வழி வையுங்கள். O எழுத்தா, 0 எண்ணா என்று மங்கிய ஸ்டிக்கரில் குழம்புகிறவர்களுக்கு அதுதான் எளிது. ஆனால் அந்த இடத்தில் `capture` சேர்க்காதீர்கள். சேர்த்தால் பல போன்களில் நேராகக் கேமரா திறந்துவிடும். ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தையோ, வாட்ஸாப்பில் அப்பா அனுப்பிய பில் படத்தையோ தேர்ந்தெடுக்க முடியாமல் போகும்.

வாரண்டி முடிந்ததா இல்லையா என்று ஒரே தேதியை வைத்துச் சொல்வதுதான் வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பண இழப்பைத் தரும் தவறு. பல ஏசிகளில் முழுப் பொருளுக்கு 1 வருடம், கம்ப்ரஸருக்கு 5 அல்லது 10 வருடம். மூன்றாம் வருடத்தில் ‘வாரண்டி முடிந்தது’ என்று சிவப்பில் காட்டினால், இலவசமாகக் கிடைக்க வேண்டிய கம்ப்ரஸருக்கு அவர் வெளியாளிடம் காசு கொடுத்துவிடுவார். பாகம் வாரியாகத் தேதியைக் காட்டுங்கள். கம்ப்ரஸர் இலவசம் என்றாலும் கேஸுக்கும் கூலிக்கும் பணம் கேட்கக்கூடும். வாரண்டி அட்டையில் அப்படி இருந்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள்.

புகார் பகுதியில் ‘மோட்டார் பழுது’, ‘பிசிபி பழுது’ என்ற பட்டியல் வேண்டாம். வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது ‘தண்ணீர் வெளியே போகவில்லை’, ‘சுற்றும்போது சத்தம் வருகிறது’ என்பதுதான். மெஷினின் திரையில் ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தத் திருப்பூர் மெஷின் OE என்று காட்டியிருந்தது. அந்த மாடலில் தண்ணீர் வெளியேறவில்லை என்பதற்கான குறி அது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் டெக்னீஷியன் டிரெயின் பம்ப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருப்பார், இரண்டாவது நடை மிச்சம்.

கடைசியாக, புகார் எண். வாரண்டிக் காலத்தில் பெரும்பாலும் வேலை பார்க்கப்போவது தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கடையின் எண்ணை மட்டும் கொடுத்தனுப்பினால், கம்பெனியை அழைக்கும்போது ‘அப்படி ஒரு புகாரே இல்லையே’ என்பார்கள். கம்பெனியில் பதிந்த எண் கிடைத்தவுடன் அதை மெஷின் இருக்கும் வீட்டின் எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அப்பாவுக்கும் ஒரு நகலோடு.