FOUND.000 ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்

பென் டிரைவைச் செருகியதும் பிழை இருக்கிறது, சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்கும். நாமும் சரி என்போம். முடிந்ததும் திறந்தால் படங்களைக் காணோம். அக்காவின் டிரைவில் இதுதான் நடந்தது. காலியாகிவிட்டது என்று நினைத்து ஃபார்மட் செய்யப் போனார். ஆனால் டிரைவின் பாதிக்கு மேல் இன்னும் நிரம்பியிருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைப் பிடித்திருந்தது, மறைந்திருந்த FOUND.000 ஃபோல்டர்.

பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் FAT32 முறையில் கோப்பின் பெயர் ஓரிடத்திலும், அதன் துண்டுகள் எந்த வரிசையில் வரும் என்ற கணக்கு வேறோர் இடத்திலும் இருக்கும். பெயர் இருந்த பகுதி கெட்டால், மீதமுள்ள துண்டுகளின் சங்கிலிக்கு, விண்டோஸ் சரிசெய்ய ஓட்டும் chkdsk நிரல் தானாக FILE0000.CHK, FILE0001.CHK என்று பெயர் வைத்து FOUND.000-க்குள் போடுகிறது. போனது பெயர்தான், உள்ளடக்கம் பெரும்பாலும் முழுசாக இருக்கும்.

அதனால் அந்த டிரைவில் வைத்தே வேலை பார்க்காதீர்கள், chkdsk-ஐ மறுபடி ஓட்டாதீர்கள், புதிதாக எதையும் எழுதாதீர்கள். முதலில் கணினிக்கு நகல் எடுங்கள். கட்டளை வரியில் கீழே உள்ளதை அடியுங்கள்; E: பென் டிரைவ், D: கணினியின் டிரைவ், உங்களுடைய எழுத்துகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மறைந்த கோப்புகளையும் சேர்த்து எடுக்க `/h` தேவை:

```
xcopy E:\FOUND.000 D:\meetpu /h /e /i
```

DIR0000.CHK என்று இருந்தால் அது ஃபோல்டர். அதற்குள் பழைய பெயர்கள் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும், அதை முதலில் பாருங்கள்.

அடுத்து பலர் செய்வது, எல்லாவற்றையும் மொத்தமாக .jpg என்று மாற்றுவது. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. எது என்ன என்பதுதான் குழம்பும். நகலில் ஒரு சிறிய கோப்பை நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். அக்காவின் FILE0007.CHK `%PDF-1.4` என்று தொடங்கியது; .pdf என்று மாற்றியதும் வீட்டுப் பத்திரம் திறந்தது. `JFIF` அல்லது `Exif` தெரிந்தால் படம். `PK` என்றால் ஜிப், அல்லது docx, xlsx. பார்த்துவிட்டு மூடுங்கள், சேமிக்கவே கூடாது: நோட்பேட் சேமித்தால் கோப்பு அங்கேயே கெட்டுவிடும்.

வேர்டு கோப்பு சில சமயம் பழுது என்று சொல்லும். கோப்பின் உண்மையான நீளம் chkdsk-க்குத் தெரியாது. கடைசித் துண்டை முழுசாக எடுப்பதால் வாலில் குப்பை ஒட்டியிருக்கும். வேர்டு மீட்கவா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள்.

படத்தின் மேல்பாதி சரியாக இருந்து கீழே சாம்பலாகத் தெரிந்தால், அந்த இடத்தில் சங்கிலியே அறுந்திருக்கிறது; பெயர் மாற்றிப் பயனில்லை. அப்போதுதான் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் தேவைப்படும். அசல் டிரைவை அது வாசிக்கட்டும், மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள். அதை முதலிலேயே ஓட்டுவது வீண்: அது சங்கிலியைப் பார்க்காமல் கோப்பின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கிறது, சிதறிக் கிடக்கும் கோப்பை CHK அளவுக்குச் சரியாகச் சேர்க்காது.