இன்டர்ன்களை வரவேற்கும்போது டீம் லீடுகள் செய்யும் தவறுகள்

“எப்ப வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க.” புது பேட்ச் வந்த முதல் நாளில் டீம் லீடுகள் தவறாமல் சொல்வது இது. நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஒரு பையன் டேட்டாபேஸுக்குள் நுழைய முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது தெரியவரும் வரை. அவன் கணக்குக்கு நாங்கள் அனுமதியே கொடுத்திருக்கவில்லை. அவனோ தன் லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்து இரண்டு முறை மறுபடி இன்ஸ்டால் செய்திருக்கிறான். ஏன் கேட்கவில்லை என்றேன். “நீங்க மீட்டிங்லயே இருந்தீங்க சார். கேக்குற அளவுக்கு இது பெரிய விஷயமான்னும் தெரியல.”

தப்பு என் மேல்தான். புதிதாக வந்தவருக்கு எது கேட்கத் தகுந்த கேள்வி, எவ்வளவு நேரம் முட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்பதெல்லாம் தெரியாது. இப்போது ஒரு அளவு சொல்லிவிடுகிறேன்: 30 நிமிடம் நகரவில்லை என்றால் டீம் சாட்டில் எழுத வேண்டும். என்ன செய்ய முயன்றேன், திரையில் என்ன வந்தது, எதையெல்லாம் முயன்று பார்த்தேன் என்று மூன்று வரி போதும். திரையில் வந்ததை மட்டும் சொந்த வார்த்தையில் சொல்லாமல் அப்படியே ஒட்ட வேண்டும். அந்தப் பையன் பார்த்தது இதுதான்:

```
FATAL: permission denied for database "orders"
```

போஸ்ட்கிரெஸ் பழகியவருக்கு இது ஒரு நிமிட வேலை. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் `password authentication failed` என்று வந்திருக்கும். ஆக, உள்ளே வந்த ஆள் யார் என்று சர்வருக்குத் தெரிந்துவிட்டது, இந்த டேட்டாபேஸைத் தொடத்தான் அனுமதி இல்லை. லேப்டாப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. “கனெக்ட் ஆகல” என்று மட்டும் எழுதியிருந்தால் நாங்களும் அவனோடு சேர்ந்து லேப்டாப்பைத்தான் குடைந்திருப்போம்.

சரி, அனுமதி கொடுப்பவர் யார் என்றாவது அவனுக்குத் தெரிந்திருந்ததா? அதுவும் இல்லை. “இவர் சீனியர் இன்ஜினியர், இவர் கியூஏ லீடு” என்று ஒன்பது பேரை ஐந்து நிமிடத்தில் வரிசையாகக் காட்டியிருந்தேன். பதவியைக் கேட்டு யாருக்கும் ஒன்றும் விளங்காது. இப்போது முதல் நாளில் இரண்டு பேரை மட்டும் அறிமுகம் செய்கிறேன். ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டப் போகிறவர். இன்னொருவர், அனுமதிகளைக் கவனிப்பவர்: “எதையாவது திறக்க முடியலன்னா இவங்களைக் கேளுங்க; காலையில டிப்ளாய்மென்ட்ல பிஸியா இருப்பாங்க, மதியத்துக்கு மேல பதில் வரும்.” மற்றவர்களை வேலை அவர்கள் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது விதிகள். செய்யாதே என்று சொல்வதோடு பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறோம். மீறிவிட்டால் என்ன செய்வது என்று சொல்வதில்லை. `.env` ஃபைலை கமிட் செய்யக்கூடாது என்பது எல்லா டீமிலும் உள்ள விதி, ஏனென்றால் பாஸ்வேர்டுகளும் ஏபிஐ கீகளும் அதில்தான் இருக்கும். ஒரு இன்டர்ன் தெரியாமல் புஷ் செய்துவிட்டால் முதலில் செய்வது இதுதான்:

```
git rm --cached .env
git commit -m "remove .env"
git push
```

ரெப்போவைத் திறந்தால் ஃபைலைக் காணோம், அப்பாடா என்று இருக்கும். ஆனால் `git log -p -- .env` என்று அடித்தால் பழைய கமிட்டில் கீ அப்படியே தெரியும். இதற்கிடையில் யாராவது புல் செய்திருந்தால் அவர்கள் மெஷினிலும் இருக்கும். `.gitignore`-இல் பிறகு சேர்ப்பதும் ஏற்கெனவே ஏறிய கமிட்டை ஒன்றும் செய்யாது. எனவே முதல் வேலை அந்தக் கீயை ரத்து செய்து புதியது எடுப்பது. ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். கீயை ரத்து செய்யும் அதிகாரம் இன்டர்னிடம் இருக்காது, ஆகவே உடனே சொன்னால்தான் காரியம் நடக்கும். “இதைப் பண்ணினா அவ்வளவுதான்” என்று கண்டிப்பாக மிரட்டி வைத்திருந்தால், சொல்வதற்குப் பதில் மேலே உள்ள மூன்று வரியை அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். நான் விதியோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: புஷ் ஆகிவிட்டால் எதையும் அழிக்காதீர்கள், எனக்கு போன் செய்யுங்கள், திட்டு கிடையாது.

எதிர்பார்ப்பு விஷயத்தில் “ஓனர்ஷிப்” என்ற சொல்லை விட்டுவிடலாம். முதல் வாரத்தில் ஒரு சிறிய திருத்தம், அது ரிவ்யூ முடிந்து மெர்ஜ் ஆக வேண்டும், அவ்வளவுதான். அதோடு, கமென்ட்கள் நிறைந்த என் பழைய புல் ரிக்வெஸ்ட் ஒன்றைத் திரையில் காட்டுகிறேன். இல்லையென்றால் பத்து கமென்ட் வந்ததும் தான் தேறவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் “டவுட் ஏதாவது?” என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அதற்குப் பதில் மறுநாள் மாலை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசி, “இன்னிக்கு எதுல அதிக நேரம் போச்சு?” என்று கேட்கிறேன். கொடுக்க மறந்த அனுமதிகளில் பாதி அப்போதுதான் வெளியே வருகின்றன.