கிரெடிட் கார்டு செலவுக்கு வருமான வரி நோட்டீஸா?

ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால், ரொக்கமென்றால் 1 லட்சமே போதும், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். தங்கை கல்யாணத்துக்குத் தி.நகரில் நகை, புடவை எல்லாம் என் கார்டில்தான் வாங்கினோம். மொத்தம் 12 லட்சம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. வெறுமனே “குடும்பச் செலவு” என்று எழுதினால் நிற்காது. 7 லட்சம் என் சம்பளம், 5 லட்சம் அப்பா அனுப்பியது என்று பிரித்துக் காட்டினேன். கார்டு ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே, வங்கிக் கணக்கில் பணம் வந்த தேதி, போன தேதி. அப்புறம் பான் எண்ணுடன் அப்பாவின் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட். உறவினர் ரொக்கமாகத் திருப்பித் தந்திருந்தால்தான் சிக்கல். அவர் வங்கியில் எடுத்ததற்கான பதிவையாவது வாங்கி இணையுங்கள். கெடு தேதிக்குள் போர்ட்டலிலேயே பதிலைப் பதிவேற்றி, ஒப்புகைச் சீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள்.