நிலக்கடலை மஞ்சளானால் முதலில் ஒரே ஒரு இலையில் பாருங்கள்

சுண்ணாம்பு கலந்த நிலத்தில் கடலையின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், உடனே யூரியா போட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம், அதன்பின் 5 கிராம் அன்னபேதி என்ற இரும்பு சல்பேட் கரைத்து, மாலையில் ஓர் இலையின் பாதியில் மட்டும் பஞ்சால் தடவுங்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் பாதி பச்சையானால் குறை இரும்புச்சத்துதான். அதே கரைசலைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை இலையில் தெளிக்கலாம்.

அமில, காரத் தன்மையை அளக்கும் எண்தான் பிஎச். 7 நடுநிலை, ஓர் எண் ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறையும். 8-ஐ நெருங்கும் சுண்ணாம்பு மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் கரையாது, வேருக்குக் கிடைக்காது. அந்த மண்ணில் அன்னபேதியைக் கொட்டினால் அதுவும் துருவாகிவிடும், காசு வீண். இலை வழியே கொடுத்தால் மண்ணைச் சுற்றிப் போய்விடுகிறோம். காரமான போர்வெல் தண்ணீரிலும் இதே கதைதான்; தெளிப்பான் அடியில் செம்பழுப்பு வண்டல் படிந்தால் இரும்பு வீணாகிவிட்டது என்று பொருள். அதற்காகத்தான் சிட்ரிக் அமிலம் முதலில். அன்னபேதியும் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், பழுப்பேறியது வேண்டாம்.

அடி இலைகள் முதலில் மஞ்சளானால் இது பொருந்தாது. அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. மழைநீர் தேங்கி மஞ்சளான வயலில் முதலில் தண்ணீரை வடித்துவிட்டுப் பாருங்கள்.