நேர்காணல்களை ஒப்பிடும்போது மௌனத்தை மறுப்பாக எண்ண வேண்டாம்

ஒரே தீ விபத்தைப் பற்றி நான்கு பேரின் நேர்காணல் எழுத்துவடிவம் கையில் இருக்கிறதா? ஒரு அட்டவணை போடுங்கள். வரிசைக்கு ஒரு கேள்வி: "புகை வந்தபோது மணி அடித்ததா?" பத்திக்கு ஒரு ஆள். கட்டத்தில் அவர் சொன்ன வார்த்தைகளையே வரி எண்ணோடு எழுதுங்கள், சுருக்க வேண்டாம்.

இருவர் "அடித்தது" என்கிறார்கள், ஒருவர் "அடிக்கவில்லை" என்கிறார், நான்காமவர் மணியைப் பற்றிப் பேசவே இல்லை. முரண் முதல் மூவருக்குள்தான். நான்காமவரிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படாமல் இருக்கலாம். அவர் கட்டத்தில் "பேசவில்லை" என்று மட்டும் குறியுங்கள்.

அப்புறம், "அடித்தது" என்ற இருவரும் மணிச் சத்தத்தை நேரில் கேட்டார்களா என்று பாருங்கள். ஒருவர் மற்றவர் சொல்லித்தான் அறிந்தார் என்றால், அது இரண்டு சாட்சியம் அல்ல, ஒன்றுதான்.