ஸ்மாஷ் அடிப்பவளையே பார்த்துக்கொண்டிருந்தால்: நாக்அவுட் வாலிபாலுக்கு முன் நடக்கும் தவறுகள்

அடுத்த சுற்றில் மோதப்போகும் டீமின் ஆட்டத்தைப் பார்க்க மாணவிகளை அனுப்பினால், பெரும்பாலும் ஒரே தகவலோடு திரும்பி வருவார்கள்: “சார், ஒன்பதாம் நம்பர் பயங்கரமா அடிக்கிறா.” அதை நம்பி ஒரு முறை இரண்டு பேரை எப்போதும் அவளுக்கு எதிரே பிளாக் போட வைத்தேன். இரண்டு செட்டும் போயின. அவர்கள் செட்டர் நன்றாக வந்த பந்தையெல்லாம் நடுவில் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பிளாக் ஓரத்தில் சும்மா நின்றது.

முதல் தவறு அதுதான். பந்து அடிபடும் இடத்தைப் பார்க்கிறோம், அது கிளம்பிய இடத்தை விட்டுவிடுகிறோம். வாலிபாலில் ஒரு அட்டாக் எப்படி இருக்கும் என்பதை சர்வீஸை எடுக்கும் அந்த முதல் தொடுதலே பாதி முடிவு செய்துவிடும். ஆகவே இப்போதெல்லாம் நான் குறிப்பது ஒன்றே ஒன்று. சர்வீஸை எடுத்தது யார்? பந்து செட்டர் நிற்கும் இடத்துக்கே போனால் 2, அவள் ஓடிப்போய் எடுக்க வேண்டியிருந்தால் 1, பந்து செத்துவிட்டால் 0. பக்கத்தில், அடுத்து அடித்தவளின் நம்பர். அவ்வளவுதான்.

ஒரு தாளில் கிடைத்ததைச் சொல்கிறேன். நான்காம் நம்பர் 14 சர்வீஸ் எடுத்தாள். 2 கிடைத்தது நான்கு முறைதான். ஏழாம் நம்பர் எடுத்த 9-இல் ஏழு சுத்தம். நான்காம் நம்பர் சொதப்பிய பத்தில் இரண்டு பந்து அங்கேயே செத்தன. மீதி எட்டில் ஏழு, இடது ஓரத்தில் நின்ற ஒன்பதாம் நம்பருக்கே போயின, அதுவும் உயரமாக, மெதுவாக. இங்கேதான் திட்டம் தானாக வந்து விழுகிறது. நான்காம் நம்பர் பக்கம் சர்வீஸ் போடு. பந்து ஒன்பதாம் நம்பருக்குத்தான் வரும். உயரப் பந்து என்பதால் நம் நடு பிளாக்கர் ஓரத்துக்கு ஓடிச் சேர நேரம் இருக்கும். முதல் பந்து செட்டர் கைக்கு நன்றாகப் போய்விட்டால் மட்டும் நடு பிளாக்கர் நடுவிலேயே நிற்க வேண்டும். நான் முன்பு செய்த தவறுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு நிபந்தனைதான்.

பார்த்த ஆட்டம் எப்படிப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். 25-9 என்று முடிந்த செட்டிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது; பாதியில் ரிசர்வ் பிள்ளைகளை இறக்கியிருப்பார்கள். இரு பக்கமும் 18, 19 என்று நெருங்கியபோது செட்டர் யாரைத் தேடினாள் என்பது அதைவிட மதிப்புள்ளது.

அடுத்தது, நம் பிள்ளைகளால் முடியாததைத் திட்டத்தில் எழுதுவது. நான்காம் நம்பர் பின்வரிசை மூலையில் நிற்கிறாள் என்றதும் எல்லாரும் மூலைக்கோட்டைக் குறிவைத்து அடித்தால் பாதி சர்வீஸ் வெளியே போகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட் இனாம். “அவள் இருக்கும் பாதி கோர்ட்” என்பதே போதுமான இலக்கு. டீமில் தொடர்ந்து இரண்டு சர்வீஸ் வெளியே போனால், அடுத்தவள் இலக்கை மறந்து பந்தை உள்ளே போட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைப்பேன்.

யார் எந்த இடத்தில் தொடங்குவாள் என்று எழுதிக் கொடுக்கும் லைன்அப் சீட்டையும் பலர் அவசரத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்பதாம் நம்பர் வழக்கமாக முன்வரிசை இடது ஓரமான 4-ஆம் இடத்தில் தொடங்கினால், அங்கிருந்து 3, 2 என்று சுழன்று மூன்று சுற்று முன்வரிசையில் இருப்பாள். நம்மில் உயரமானவளையும் 4-இல் தொடங்க வைத்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முன்வரிசையில் இருப்பார்கள். எதிரணி சீட்டை மாற்றிக் கொடுத்திருந்தால் முதல் செட்டில் ஒன்றும் செய்ய முடியாது. புதுச் சீட்டு அடுத்த செட்டுக்குத்தான்.

பேச்சும் நீளக் கூடாது. பத்துக் குறிப்பு எழுதி வைத்திருப்பேன். பிள்ளைகளிடம் சொல்வது இரண்டு. எங்கே சர்வீஸ், எப்போது இரட்டை பிளாக். அதையும் நானே சொல்லிவிட்டுப் போகாமல், “முதல் பந்து கெட்டால் நீ எங்கே ஓடுவே?” என்று நடு பிளாக்கரைக் கேட்பேன். அவள் கை காட்டும் திசை தவறாக இருந்தால் கோர்ட்டிலேயே நடந்து பார்த்துக்கொள்வோம்.

கடைசியாக, திட்டம் செத்துப்போனதே தெரியாமல் பிடித்துத் தொங்குவது. எதிரணி கோச் சும்மா இருக்க மாட்டார். நான்காம் நம்பரை வெளியே எடுப்பார், இல்லையென்றால் ஏழாம் நம்பரை அவள் பக்கம் நகர்த்தி அந்தப் பந்துகளையும் எடுக்க வைப்பார். அதனால் பெஞ்சில் ஒரு மாணவி ஆட்டம் நடக்கும்போதும் அதே 2, 1, 0 கணக்கைப் போடுவாள். எட்டுப் பாயிண்ட் அளவில் தாளை வாங்கிப் பார்ப்பேன். 2-ஆக வந்து குவிந்தால், 30 விநாடி டைம்அவுட்டில் சொல்வது ஒரே வாக்கியம்: இனி எந்த நம்பர் பக்கம் சர்வீஸ்.