கதவைத் திறந்தவரிடம் கேட்காதீர்கள்: ஒரு வீட்டில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

வீடுகளை முறையாகக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, வீட்டுக்குள் போனதும் எதிரில் நிற்பவரிடம் கேள்வித்தாளை நீட்டினால் அந்தக் குலுக்கலுக்கே அர்த்தமில்லை. என் முதல் கணக்கெடுப்பில் இதுதான் நடந்தது. கையில் வந்த படிவங்களில் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கும் பெண்களும் முதியவர்களும். வேலைக்குப் போகும் இளைஞர்களைத் தேட வேண்டியிருந்தது. வீடுகளின் பட்டியலில் தவறில்லை, தவறு வாசலில் நடந்திருந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 வீடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் வேலைக்குப் போகிறவர், மற்றவர் வீட்டில் இருப்பவர். உண்மையில் வேலைக்குப் போவோர் சரிபாதி, அதாவது 50 சதவீதம். நாம் போகும் நேரத்தில் பத்தில் இரண்டு வீடுகளில் வேலைக்குப் போகிறவர் பேசக் கிடைப்பார், மற்ற எட்டில் வீட்டில் இருப்பவர்தான். கிடைத்தவரிடம் கேட்டால் விடை 20 சதவீதம் என்று வரும். 1,000 வீடுகளுக்குப் போனாலும் அதே 20தான். மாதிரியைப் பெரிதாக்கினால் இந்தச் சார்பு குறையாது, தவறான எண்ணின் மேல் நமக்கு நம்பிக்கை மட்டும் கூடும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: எண்களை அலுவலகத்திலேயே எடுத்து வையுங்கள்

ஒரு விரிதாளில் ஒவ்வொரு வரியும் ஒரு வீடு. மேல் வரியில் B1-இலிருந்து 2, 3, 4 என்று 8 வரை எழுதுங்கள். இவை வீட்டில் இருக்கக்கூடிய பெரியவர்களின் எண்ணிக்கை. இவற்றுக்குக் கீழே வரும் எண், அந்த வீட்டுப் பட்டியலில் எத்தனையாவது ஆளிடம் பேச வேண்டும் என்பதைச் சொல்லும். B2-இல் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடுங்கள்:

```
=RANDBETWEEN(1,B$1)
```

அப்புறம் முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் (Values only) ஒட்டிவிடுங்கள். இதை மறந்தால், கோப்பில் எதைத் தொட்டாலும் எண்கள் மாறிவிடும். அச்சடித்த தாளில் ஓர் எண்ணும் கோப்பில் வேறோர் எண்ணும் இருந்தால் பிறகு எதையும் சரிபார்க்க முடியாது.

படி 2: முதலில் பட்டியல், பிறகுதான் எண்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டில் வழக்கமாகத் தங்கும் 18 வயது நிறைந்த எல்லோரையும் எழுத வேண்டும். முதலில் ஆண்கள், மூத்தவரிலிருந்து இளையவர் வரை. பிறகு பெண்கள், அதே வரிசையில். லெஸ்லி கிஷ் 1949-இல் வெளியிட்ட முறையின் வரிசை இது. வரிசை நிலையாக இருப்பதால், யாரை முதலில் எழுதுவது என்ற விருப்பம் களப்பணியாளர் கையில் இருக்காது.

37-ஆம் எண் வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் வரியில் இருக்கும் எண்கள்: இருவர் என்றால் 1, மூவர் என்றால் 3, நால்வர் என்றால் 2. வீட்டில் 61 வயது ஆண், 24 வயது ஆண், 55 வயதுப் பெண், 29 வயதுப் பெண். மொத்தம் நால்வர், எண் 2, ஆக 24 வயது இளைஞரிடம்தான் பேச வேண்டும். அவர் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

இப்போது அந்த எண்கள் களப்பணியாளரின் கண்ணுக்கு முன்பே தெரிந்தால் என்ன ஆகும்? இளைஞரின் பெயரைப் பட்டியலில் விட்டுவிட்டால் போதும். மூவர், எண் 3, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் 29 வயதுப் பெண் தேர்வாகிவிடுவார். படிவத்தில் எல்லாமே விதிப்படி நடந்ததாகத்தான் தெரியும். களப்பணியாளரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் ஆறாவது வீட்டில் நிற்பவருக்கு, "தம்பி பெரும்பாலும் வெளியூர்லதான் இருப்பான்" என்று வீட்டார் சொன்ன ஒரு வார்த்தையே போதும்.

அதனால் எண்கள் இருக்கும் பகுதியை மடித்துப் பின் குத்திக் கொடுக்கிறேன். பட்டியல் எழுதி, மொத்தத்தைப் போட்டு, கோடு கிழித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். பட்டியல் போடும்போது "வேறு யாரும் இருக்காங்களா?" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, "இப்போது வெளியே போயிருப்பவர்கள் யார்? இரவு வேலைக்குப் போய்த் தூங்குபவர்கள் யார்?" என்று தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன். பெயர் சொல்லத் தயங்கினால் வயதும் ஆணா பெண்ணா என்பதும் போதும்.

கைப்பேசிச் செயலியே சமவாய்ப்பு எண்ணை எடுத்துக்கொடுக்கும் வசதி எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்த ஆள் வரவில்லையென்றால் படிவத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் திறந்தால் வேறு எண் வந்துவிடும். செயலிதான் வேண்டுமென்றால், அலுவலகத்தில் எடுத்த எண்களை வீட்டு எண்ணோடு சேர்த்து முன்பே ஏற்றிவிடுங்கள்.

படி 3: ஆளை மாற்றக் கூடாது

தேர்வானவர் இல்லையென்றால் எப்போது வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்ப வர வேண்டும். நான் மூன்று முறை போகச் சொல்கிறேன். அதில் ஒன்று மாலையிலும் ஒன்று விடுமுறை நாளிலும் இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கே மூன்று முறை போவது ஒரு முறை போனதற்குச் சமம். அவர் மறுத்தால் "மறுத்தார்" என்று பதிந்துவிட்டு நகருங்கள். அதே வீட்டில் இன்னொருவரைப் பிடித்தால், பழைய சார்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

படி 4: எடை

நால்வர் வீட்டில் ஒருவருக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று, தனியாக வாழ்பவருக்கு முழு வாய்ப்பு. எனவே நால்வர் வீட்டுப் பதிலை 4-ஆல் பெருக்க வேண்டும். ஐந்து ஒற்றையர் வீடு, ஐந்து நால்வர் வீடு என்று வையுங்கள். மொத்தம் 25 பேர், அதில் தனியாக வாழ்பவர்கள் 5 பேர், அதாவது 20 சதவீதம். எடை போடாமல் பார்த்தால் பத்துப் பதிலில் ஐந்து அவர்களுடையது, 50 சதவீதம் என்று காட்டும். எடை போட்டால் 25-இல் 5, சரியாக 20.

சரிபார்ப்பது எப்படி

நால்வர் வீடுகளை மட்டும் பிரித்து, எத்தனையாவது ஆள் பேட்டி கொடுத்தார் என்று எண்ணுங்கள். 80 வீடுகள் இருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் ஏறத்தாழ 20 வர வேண்டும். இரண்டாம் இடத்தில் 7 என்று வந்தால் ஆள் மாற்றம் நடந்திருக்கலாம், அல்லது இளைஞர்கள் கிடைக்காமல் போயிருக்கலாம். வருகைக் குறிப்புகளைப் பார்த்தால் எது என்று தெரியும். இன்னொன்று, ஒவ்வொரு களப்பணியாளரும் பதிந்த சராசரிப் பெரியவர் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே பகுதியில் மற்றவர்களுக்கு 3.1 வரும்போது ஒருவருக்கு மட்டும் 1.9 என்றால், அவருடைய பட்டியலில் ஆட்கள் விடுபடுகிறார்கள். அவர் போன சில வீடுகளுக்கு நேரில் போய் மறுபடி பட்டியல் எடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார் என்று கேட்டால் பட்டியலே வேண்டாமே?" என்று கேட்டார். நேரம் மிச்சம், வீட்டாருக்கும் தொல்லை குறைவு, உண்மைதான். ஆனால் கதவைத் திறந்தவர் "நான்தான்" என்று சொல்லிவிட்டால் அதைச் சரிபார்க்கப் படிவத்தில் ஒன்றும் இருக்காது. அதைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால், பேட்டி கொடுத்தவரின் பிறந்த மாதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டோர் உள்ள வீடுகளில், பேட்டிக்கு முந்தைய மாதங்களில் பிறந்தவர்கள் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் சமமாகப் பரவியிருந்தால் விதியை யாரும் பின்பற்றவில்லை.

இன்னொருவர் இரட்டையர் பற்றிக் கேட்டார். ஒரே பாலினம், ஒரே வயது என்றால் பெயரின் அகரவரிசையில் எழுதுங்கள். பெயர் தர மாட்டோம் என்றால் முதலெழுத்தை மட்டும் கேளுங்கள். இந்த விதியைக் களத்துக்குப் போகும் முன்பே தாளில் அச்சடித்துவிடுங்கள்.